ரோச் வெளிச்சத்தில் கண்மணி: பழுது கயிற்றிலா, மணியிலா?

ஒரு திங்கட்கிழமை கிளினிக்கில் 32 வயதுப் பெண் ஒருவர் கணவரோடு வந்து உட்கார்ந்தார். வீட்டில் இருந்து தைத்துக் கொடுப்பவர். "டொக்டர், விடிய எழும்பி ஊசிக்கு நூல் கோக்கப் பார்த்தன், வலது கண்ணால ஒண்டும் பிடிபடேல்லை. கண்ணாடியில பார்த்தால் அந்தக் கண் முழுக்கக் கறுப்பாக் கிடக்கு" என்றார். கணவர் அதற்குள் கைபேசியில் எதையெதையோ படித்துப் பயந்து போயிருந்தார். "மூளைக்குள்ள ரத்தக்குழாய் வீங்கினாலும் இப்பிடி வருமாமே. ஸ்கான் எடுக்க வேணுமோ?"

அவர் கேட்டதில் பிழை இல்லை. ஒரு கண்மணி மட்டும் பெரிதாகிவிட்டால் அதற்குப் பின்னால் அப்படியும் ஒன்று இருக்கலாம். பயப்பட ஏதும் இல்லாமலும் போகலாம். எது என்று பிரித்தறிய அன்று தேவைப்பட்டவை ஒரு நல்ல ரோச், இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, கொஞ்சம் பொறுமை. கண் வாட்டுக்கோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ புதிதாக வந்திருக்கும் தாதிய மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் அதே வழியில் நடந்து பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் வாங்கிலில் காத்திருக்க விட்டுவிட்டு, முதலில் பாதையைப் பார்ப்போம்.

இரண்டு கயிறு, இரண்டு மணி

ஒரு கோயிலில் இரண்டு மணிக்கோபுரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு கயிறுகள் தொங்குகின்றன. கட்டியவர் விசித்திரமான ஆள்: எந்தக் கயிற்றை இழுத்தாலும் இரண்டு மணியும் ஒரே அளவில் சேர்ந்து அடிக்கும்படி நடுவில் பிணைத்துவிட்டார். கண்ணும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கயிறு என்பது வெளிச்சம் உள்ளே போகும் வழி. மணி என்பது கண்மணியைச் சுருக்கும் கட்டளை வெளியே வரும் வழி.

கயிறு விழித்திரையில் தொடங்குகிறது. அங்கிருந்து பார்வை நரம்பு வழியாகச் செய்தி பின்னோக்கிப் போகிறது. இரண்டு பார்வை நரம்புகளும் சந்திக்கும் குறுக்கில், ஒவ்வொன்றிலும் பாதிக்குச் சற்றுக் கூடுதலான நார்கள் மறுபக்கம் தாண்டுகின்றன. மிச்சம் தன் பக்கத்திலேயே தொடர்கின்றன. கொஞ்ச தூரம் போனதும் ஒரு பிரிவு வருகிறது. பார்ப்பதற்கான நார்கள் பிடரிப்பக்க மூளையை நோக்கிப் போக, கண்மணிக்கான நார்கள் பாதி வழியிலேயே இறங்கி நடுமூளையின் முதுகுப்புறத்துக்குப் போய்விடுகின்றன. அங்கே பிரிடெக்டல் கரு என்று ஒன்று வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்குமாக இரண்டு எடிங்கர்-வெஸ்ட்பால் கருக்களுக்கும் செய்தியைக் கொடுக்கிறது. கயிறுகளின் பிணைப்பு இதுதான்.

அதற்கு அப்பால் மணி. எடிங்கர்-வெஸ்ட்பால் கருவில் புறப்படும் நார்கள் மூன்றாம் மண்டையோட்டு நரம்போடு சேர்ந்து கண்குழிக்குள் வருகின்றன. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிலியரி நரம்புத்திரட்டில் ஒரு முறை ஆள் மாறுகின்றன. அங்கிருந்து குட்டி நரம்புகளாகக் கதிராளிக்குள் நுழைந்து, கண்மணியைச் சுற்றி வளையம்போல் இருக்கும் சுருக்குத் தசையில் முடிகின்றன.

இந்தக் கட்டமைப்பிலிருந்து வரும் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கயிறு அறுந்தால் கண்மணிகளின் அளவு வித்தியாசப்படாது. ஏனென்றால் நல்ல கயிறு இரண்டு மணியையும் ஒரே அளவில்தான் இழுக்கிறது. மணி பழுதானால்தான் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று வரும். பார்வை நரம்பு முழுதாகச் செத்துப்போன கண்ணின் கண்மணியும், சாதாரண வெளிச்சத்தில் மற்றக் கண்ணின் கண்மணி அளவிலேயே இருக்கும். புதிதாக வருபவர்கள் பலர் இதை நம்பமாட்டார்கள். "பார்வையில்லாத கண்ணின் மணி விரிஞ்சு கிடக்கும்தானே சேர்?" என்பார்கள். கிடக்காது.

இன்னொன்றும் அந்தப் பிரிவிலிருந்தே வருகிறது. பிடரிப்பக்க மூளையில் இரண்டு பக்கமும் அடைப்பு ஏற்பட்டு ஒருவருக்குப் பார்வை அடியோடு போனாலும், ரோச் அடித்தால் கண்மணிகள் நன்றாகச் சுருங்கும். கண்மணிக்கான நார்கள் அவ்வளவு தூரம் போவதேயில்லை.

ரோச் அடிக்கும் முறை

முதலில் அறையை மங்கலாக்குங்கள். ரியூப் லைட் எரிகிற வாட்டில், ஜன்னல் பக்கக் கட்டிலில் வைத்துப் பார்த்துவிட்டு "நோமல்" என்று எழுதுவது எழுதாமல் விடுவதற்குச் சமம். நோயாளியைத் தூரத்துச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். ரோச்சைப் பார்க்க விட்டால், கிட்டப் பார்க்கும் முயற்சியிலேயே கண்மணி சுருங்கிவிடும். நீங்கள் வெளிச்சத்துக்குச் சுருங்கியது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நம்மவர்களின் கதிராளி கடும் மண்ணிறம். மங்கலான அறையில் கதிராளி எங்கே முடிகிறது, கண்மணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தடுமாறுவீர்கள். நான் செய்வது இது: இன்னொரு சின்ன ரோச்சை நோயாளியின் தாடைக்குக் கீழிருந்து, முகத்தில் படும்படி சரிவாகப் பிடிக்கச் சொல்வேன். கண்மணியின் விளிம்பு மட்டும் தெரியும் அளவுக்கு வெளிச்சம் போதும். அப்புறம் இரண்டு கண்மணிகளின் அளவையும் மில்லிமீற்றரில் எழுதிவிடுங்கள், வெளிச்சத்தில் ஒரு தடவை, இருட்டில் ஒரு தடவை. "பெரிசு", "சின்னன்" என்று எழுதினால் அடுத்த டியூட்டிக்கு வருபவருக்கு அது எந்த உதவியும் செய்யாது.

இப்போது பிரகாசமான ரோச்சை வலது கண்ணில் பிடியுங்கள். வலது சுருங்குகிறதா, அதே நேரம் இடதும் சுருங்குகிறதா? எடுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து இடது கண்ணில் பிடித்து அதையே பாருங்கள். இது கயிற்றை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது.

அடுத்தது ஊஞ்சல் சோதனை. வலது கண்ணில் 2 அல்லது 3 செக்கன், மூக்குப் பாலத்தை விரைவாகத் தாண்டி இடது கண்ணில் அதே 2 அல்லது 3 செக்கன், திரும்ப வலது. நாலைந்து தடவை ஊஞ்சல்போல ஆட்டுங்கள். கயிறுகள் இரண்டும் நல்லதென்றால் ரோச் போகும் இடமெல்லாம் கண்மணி சுருங்கியே இருக்கும். ஒரு கயிறு தளர்ந்திருந்தால், அந்தப் பக்கம் ரோச் போன கணத்தில் இரண்டு கண்மணிகளும் சுருங்குவதற்குப் பதிலாக விரியும். மூளைக்கு அது வெளிச்சம் குறைந்ததுபோல. வாட்டில் இதை "ஆர்.ஏ.பி.டி." என்பார்கள், மார்கஸ் கன் கண்மணி என்றும் சொல்வதுண்டு.

பிழைக்கும் இடங்கள் சில. பற்றரி இறங்கிய ரோச்தான் முதல் எதிரி. நான் பயிற்சிக் காலத்தில் மஞ்சள் வெளிச்சம் வருகிற ரோச்சால் பார்த்து "இல்லை" என்று எழுதியதை, அடுத்த நாள் மூத்தவர் நல்ல ரோச்சால் பார்த்துத் திருத்தினார். ஒரு கண்ணில் கூடுதல் நேரம் பிடித்தால் அந்த விழித்திரை களைத்து, இல்லாத குறையைக் காட்டும். சுருங்கிய கண்மணி பிறகு கொஞ்சம் தளர்வதும், விட்டுவிட்டுத் துடிப்பதும் இயல்பு. ரோச் வந்து படும்போது முதல் அசைவு சுருக்கமா விரிவா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு கயிறும் ஒரே அளவில் தளர்ந்திருந்தால் ஊஞ்சல் ஒன்றும் காட்டாது, ஏனென்றால் இது ஒரு கண்ணை மற்றதோடு ஒப்பிடும் சோதனை மட்டுமே.

கயிற்றுப் பழுது இருந்தால் அது எங்கே? பெரும்பாலும் அந்தக் கண்ணின் பார்வை நரம்பில், அல்லது விழித்திரை பரவலாகக் கெட்டிருக்கும். குறுக்குக்கு அப்பால் ஒரு பக்கம் அடிபட்டால் எதிர்ப்பக்கக் கண்ணில் மெல்லிய ஆர்.ஏ.பி.டி. வரும், ஏனென்றால் தாண்டி வரும் நார்கள்தான் சற்றுக் கூட. ஆனால் அது தொடக்கத்தில் கண்ணில் படாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இந்தச் சோதனை அன்றாடம் உதவுவது கண் புரை கிளினிக்கில். வடமராட்சியிலிருந்து ஒரு அப்பு வருகிறார் என்று வையுங்கள். புரை முற்றி, கண்மணி வெள்ளையாக, வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. "வெட்டினால் பார்வை வருமோ பிள்ளை?" என்று கேட்பார். புரை எவ்வளவு தடித்தாலும் வெளிச்சத்தைக் கலைத்துச் சிதறடிக்குமே தவிர கயிற்றை அறுக்காது. ஆகவே ஊஞ்சலில் அந்தக் கண் ஒழுங்காக இருந்தால் பின்னால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கை வைக்கலாம். தெளிவான ஆர்.ஏ.பி.டி. இருந்தால் புரையின் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது. குளுக்கோமாவோ, விழித்திரை கழன்றதோ, எதுவாயினும் சத்திரசிகிச்சைக்கு முன்பே அப்புவிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று பெரிது, ஒன்று சிறிது

சரி, தையல்காரப் பெண்ணிடம் வருவோம். அறை வெளிச்சத்தில் அவருடைய வலது கண்மணி 8 மில்லிமீற்றர், இடது 3. லைட்டை அணைத்தால் வலது அதே 8, இடது 6.

இந்த நான்கு எண்களே முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டன. வெளிச்சத்தில் வித்தியாசம் 5, இருட்டில் 2. வெளிச்சத்தில் வித்தியாசம் கூடினால் பெரிய கண்மணிதான் கெட்டது, அதனால் சுருங்க முடியவில்லை. இருட்டில் கூடினால் சிறிய கண்மணிதான் கெட்டது, அதனால் விரிய முடியவில்லை. இரண்டாவது வகை நம் பாதையில் இல்லை. அது கழுத்து வழியாக ஏறிவரும் பரிவு நரம்பின் பழுது, ஹோனர் என்று பெயர்; மேலிமை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மட்டும் இறங்கியிருக்கும், வெளிச்சத்துக்குக் கண்மணி நன்றாகவே சுருங்கும். வெளிச்சத்திலும் இருட்டிலும் வித்தியாசம் ஒரே அளவாக, 1 மில்லிமீற்றருக்குள் இருந்தால் அது அநேகமாகப் பிறவி இயல்பு. ஐந்து பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கும். பழைய அடையாள அட்டைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பிறகு ரோச். வலது கண்ணில் பிடித்தேன்: வலது அசையவில்லை, இடது பட்டென்று சுருங்கியது. இடது கண்ணில் பிடித்தேன்: இடது சுருங்கியது, வலது அசையவில்லை. ஆக வலது கயிறு நல்லது, ஏனென்றால் அதை இழுத்தால் இடது மணி அடிக்கிறது. வலது மணிதான் அடிக்காது. ஒரு கண்மணி அசையாவிட்டாலும் ஊஞ்சல் சோதனையைச் செய்ய முடியும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்: அசையும் கண்மணியை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு பக்கமும் ரோச்சை ஆட்டினால் போதும்.

இனி மணியின் வழியில் எந்தத் தரிப்பில் பழுது? மூன்று இடங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: மூன்றாம் நரம்பு, சிலியரி திரட்டு, தசை.

மூன்றாம் நரம்பு கண்மணிக்கு மட்டும் வேலை செய்வதில்லை. மேலிமையைத் தூக்குவதும், கண்ணை உள்ளே, மேலே, கீழே திருப்புவதும் அதுதான். அந்த நரம்பு நடுவழியில் அமுக்கப்பட்டால் இமை தொங்கும், கண் வெளிப்புறமாகச் சரிந்து நிற்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். கண்மணி நார்கள் நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன, அதனால் வெளியிலிருந்து அமுக்கும் எதுவும் முதலில் அவற்றைத்தான் நசுக்கும். கணவர் படித்துவிட்டு வந்த இரத்தக்குழாய் வீக்கமும் அமுக்குவது இந்த இடத்தில்தான். சீனி வருத்தத்தில் நிலைமை மறுபக்கம்: நரம்புக்குள் போகும் நுண்குழாய்கள் அடைபட்டு நடுப்பகுதி பட்டினி கிடக்கும், ஓரம் தப்பிவிடும். ஆகவே இமை தொங்கி, கண் சரிந்து, ஆனால் கண்மணி மட்டும் ஒழுங்காக இருந்தால் சீனியும் பிறஷரும் முதலில் நினைவுக்கு வரும். கண்மணியும் சேர்ந்து விரிந்திருந்தால், அதுவும் கடும் தலையிடியோடு என்றால், அன்றைக்கே ஸ்கான். நாளைக் காலைக்குத் தள்ளக் கூடாது. தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவருக்கு ஒரு கண்மணி விரிய ஆரம்பித்தால் நிமிடக் கணக்குத்தான். மூளை வீங்கி நரம்பை அமுக்குகிறது. அப்படியானவருக்குக் கண்மணி விரிக்கும் சொட்டு மருந்து விடவே கூடாது. பிறகு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

தையல்காரப் பெண்ணின் இமைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. என் விரலைப் பின்தொடர்ந்து கண்கள் எட்டுத் திக்கும் சரியாகத் திரும்பின. இரட்டைப் பார்வை இல்லை. லேசான தலையிடி இருந்தது, ஆனால் வெளிச்சம் கூசுவதால் வருவது என்று அவரே சொன்னார். கண்ணைப் பொத்தினால் போய்விடுமாம். நல்ல நினைவோடு நடந்து வந்து பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, வேறு எந்தக் குறையும் இல்லாமல் கண்மணி மட்டும் விரிந்திருந்தால் அது மூன்றாம் நரம்பாக இருப்பது மிக அரிது.

இரண்டாவது தரிப்பு, திரட்டு. அங்கே பழுதான கண்மணியை ஆடி கண்மணி என்கிறார்கள், அதே ஆடி மாதம் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு வைத்தியரின் பெயர். அது வெளிச்சத்துக்குச் சுருங்காது, ஆனால் பத்திரிகை எழுத்தைக் கிட்டப் பிடித்து வாசிக்கச் சொன்னால் நத்தைபோல மெல்லச் சுருங்கும், பிறகு விரிவதற்கும் அவ்வளவு நேரம் எடுக்கும். காரணம் கேட்க நன்றாயிருக்கும்: திரட்டிலிருந்து புறப்படும் நார்களில் பெரும் பங்கு கிட்டப் பார்வையைச் சரிசெய்யும் தசைக்கானவை, கண்மணிக்கானவை கொஞ்சம்தான். பழுதுக்குப் பிறகு நார்கள் திரும்ப முளைக்கும்போது அந்தப் பெரும் கூட்டம் வழி தவறிக் கண்மணிக்குள் வந்துவிடுகிறது. ஆகவே அது கிட்டப் பார்க்கும் கட்டளைக்கு மட்டும் கீழ்ப்படியும். இவருடைய கண்மணியோ, விரல் நுனியை மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து அரை நிமிடம் பார்க்கச் செய்தும் இம்மியும் அசையவில்லை.

மிஞ்சியது தசை. எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. உண்மையில் இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"நேற்று என்ன வேலை செய்தனீங்கள் அம்மா?"

"வளவு துப்புரவாக்கினனான். வேலியோரம் பத்தையாக் கிடந்தது."

"ஊமத்தை நிண்டதோ?"

"ஓம், ரெண்டு மூண்டு மரம். முள்ளுக்காயோட. கையாலதான் பிடுங்கினனான்." கொஞ்சம் யோசித்தார். "வேர்வை கண்ணுக்குள்ள விழுந்துது, கையால துடைச்சன்."

"எந்தக் கை?"

வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

ஊமத்தையின் இலை, பூ, காய் எல்லாவற்றிலும் அத்ரோப்பினும் அதன் உறவுக்கார நச்சுக்களும் இருக்கின்றன. கண்மணியை விரிக்க நாம் விடும் அதே வகை மருந்துதான். நரம்பு தரும் கட்டளை தசையின் வாசலில் வந்து தட்டும். அத்ரோப்பின் அந்த வாசலில் குந்திக்கொண்டு வழிவிடாது. கயிறு நல்லது, நரம்பு நல்லது, திரட்டு நல்லது, கடைசி அங்குலத்தில் தடை. கிட்டப் பார்வைத் தசையும் அதே நச்சில் கிடப்பதால்தான் ஊசிக்காது தெரியவில்லை. 55 வயதுக்காரராக இருந்திருந்தால் வாசிப்புக் கண்ணாடி போட்டிருப்பார், இந்த முறைப்பாடே வந்திருக்காது.

உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது: பைலோகார்பின் சொட்டு, கண்மணியைச் சுருக்குவது. மற்ற எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் இதை விட வேண்டும், விட்ட பிறகு கண்மணி எதற்கும் சாட்சி சொல்லாது. இரண்டு கண்ணுக்கும் விட்டு, அரை மணி முதல் முக்கால் மணி வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். முதலில் 0.125 சதவீதம். 1 சதவீத மருந்தில் ஒரு பங்குக்கு ஏழு பங்கு சேலைன் சேர்த்தால் அது கிடைக்கும். இவ்வளவு மெல்லியது நல்ல கண்மணியைப் பெரிதாக அசைக்காது, ஆனால் நரம்பை இழந்து ஏங்கிக் கிடக்கும் ஆடி கண்மணி அதற்கே சுருங்கிவிடும். இவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து 1 சதவீதம். மூன்றாம் நரம்பு பழுதென்றால் தசை நல்லதுதானே, அது சுருங்கும். முக்கால் மணி கழித்துப் பார்த்தேன்: இடது கண்மணி 2 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டது, வலது அதே 8. வாசல் அடைபட்டிருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. நச்சு இறங்கத் தொடங்கிய பிறகு செய்தால் 1 சதவீதத்துக்கு அரைகுறையாகச் சுருங்கிக் குழப்பும். கண்ணில் பலமாக அடிபட்டுத் தசை கிழிந்தவருக்கும், குளுக்கோமா திடீரெனத் தாக்கிக் கண்ணில் கடுமையாக அழுத்தம் ஏறியவருக்கும் கண்மணி சுருங்காது. ஆனால் அவர்களின் கண் சிவந்திருக்கும், நோகும், அல்லது கண்மணியின் வட்டம் கோணியிருக்கும். இவருடைய கண் வெள்ளையாக, நோவில்லாமல், வட்டம் திருத்தமாக இருந்தது.

வாய் உலர்வு, நெஞ்சுப் படபடப்பு, குழப்பம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. கண்ணைச் சேலைனால் கழுவி, கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லி, இமை தொங்கினாலோ இரண்டாகத் தெரிந்தாலோ உடனே வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம். ஸ்கான் எடுக்கவில்லை. நான்காம் நாள் வலது கண்மணி 5, ஏழாம் நாள் இரண்டும் 3. அந்த ஏழாம் நாள் கணவர் உர உறை ஒன்றைச் சுருட்டிக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மிச்சமிருந்த ஊமத்தையைக் கையுறை போட்டுப் பிடுங்கினாராம், சரியான செடிதானா என்று காட்ட வேண்டுமாம். உறையை வெளியில் வைக்கச் சொல்லிவிட்டு, முதல் வேலையாகக் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவ அனுப்பினேன்.